வருமான வரிக் கணிப்புச் சுருக்கம்: வாடகை நிவாரணம் எந்தப் படியில் வரும்?

வவுனியாவில் வணிகம் கற்கும் மாணவர்களுக்காக, 2025/26 மதிப்பீட்டு ஆண்டின் தனிநபர் வருமான வரியை ஒரே பக்கத்தில் சுருக்கி வருகிறேன். தொழில், வியாபாரம், முதலீடு, ஏனையவை என்ற நான்கு மூலங்களையும் அவர்கள் எளிதில் பிரித்துவிடுகிறார்கள், தடுமாற்றம் நிவாரணத்தில்தான்.

உதாரணமாக, ஆண்டுச் சம்பளம் 24,00,000 ரூபாய், வீட்டு வாடகை 4,00,000 ரூபாய் பெறும் ஆசிரியை ஒருவரின் மதிப்பிடத்தக்க வருமானம் 28,00,000 ரூபாய். அதிலிருந்து தனியாள் நிவாரணம் 18,00,000 ரூபாயையும், வாடகையின் 25 சதவீதமான 1,00,000 ரூபாயையும் கழித்தால் எஞ்சும் 9,00,000 ரூபாய்க்கு 6 சதவீதப்படி வரி 54,000 ரூபாய். சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்த 36,000 ரூபாய் போக, 18,000 ரூபாய் செலுத்த வேண்டும்.

திருத்தச் செலவுக்கு ஈடாகவே அந்த 25 சதவீதம் தரப்படுகிறது என்றாலும், பலர் கூரை திருத்திய பற்றுச்சீட்டையும் சேர்த்துக் கழிக்கிறார்கள். இதைத் தடுக்கும் கணிப்புப் படிவம் வைத்திருப்போர் தயவுசெய்து பகிருங்கள்.