பழைய ஸ்லைடில் எது காலாவதி, எது இல்லை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வங்கிப் பயிற்சியாளர், கோவை:
சிறுதொழில் கடன் பற்றி 2019-இல் தயாரித்த ஸ்லைடுகளின் சுருக்கப் பக்கத்தைப் புதுப்பிக்கும் வேலை எனக்கு வந்தது. சுருக்கத்தில் கை வைக்கவில்லை. முதலில் அதன் ஒவ்வொரு வரியும் உள்ளே எந்த ஸ்லைடிலிருந்து வந்தது என்று தேடி, எண்ணை எழுதினேன். ஒரு வரிக்கு மட்டும் ஊர் பேர் தெரியவில்லை: 'குறு நிறுவன வரம்பைப் போல 20 மடங்கு சிறு நிறுவன வரம்பு.'

அதில் ஆண்டும் இல்லை, ரூபாயும் இல்லை. ஆண்டையோ ரூபாயையோ தேடினால் சிக்காது. கணக்குப் போட்டதும்தான் புரிந்தது. அன்றைக்கு உற்பத்தித் துறையில் இயந்திர முதலீட்டு வரம்பு குறு நிறுவனத்துக்கு 25 லட்சம், சிறு நிறுவனத்துக்கு 5 கோடி. அதிலிருந்து வந்த 20 மடங்கு. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு 2.5 கோடி, 25 கோடி. இப்போது 10 மடங்குதான். ஒரு எண்ணிலிருந்து பிறந்த வாக்கியங்களையும் அந்த எண்ணோடு சேர்த்தே குறிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், நடுவில் யாரோ ஒரு ஸ்லைடை மட்டும் திருத்தியிருந்தார்கள். அதில் குறு நிறுவனத்துக்கு 1 கோடி முதலீடு, 5 கோடி விற்றுமுதல். அது 2020 ஜூலை 1-இல் வந்த வரம்பு. ஆக, ஒரே கோப்பில் இரண்டு காலத்து எண்கள், இரண்டுமே இன்றைக்குச் செல்லாது. திருத்திய ஸ்லைடு என்பதால் அதை நம்பிவிடக் கூடாது.

அலுவலகப் பணியாளர்:
இவ்வளவு பாடு எதற்கு? Ctrl+F போட்டு '20' என்று தேடினால் ஆண்டெல்லாம் வரிசையாக வந்துவிடும். பழையதை எல்லாம் மாற்றிவிட்டால் போச்சு. நான் அப்படித்தான் செய்கிறேன்.

வங்கிப் பயிற்சியாளர், கோவை:
தேடலாம், மாற்றத்தான் கூடாது. 2006 என்று வரும், அது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் பெயரில் உள்ள ஆண்டு, அப்படியே இருக்க வேண்டும். 'சுமார் 6.34 கோடி நிறுவனங்கள்' என்ற வரியும் தவறில்லை. அது 2015-16 தேசிய மாதிரி ஆய்வின் எண். 'இன்று நாட்டில்' என்று தொடங்கியதுதான் தவறு. எண்ணை விட்டுவிட்டு, 'இன்று' என்பதன் மேல் குறிப்பு வைத்தேன். 'இப்போதைய', 'அண்மையில்', 'கடந்த ஆண்டு' என்ற சொற்களையும் தேடுங்கள், ஆண்டைவிட அவைதான் அதிகம் ஏமாற்றும்.

படமாக ஒட்டிய அட்டவணையில் Ctrl+F எட்டாது. எங்கள் கோப்பில் உத்யோக் ஆதார் பதிவுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. 2020 ஜூலையிலிருந்து உத்யம் பதிவுதான். கண்ணால் பார்த்ததால்தான் பிடிபட்டது.

ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர்:
எனக்கு வேறு சந்தேகம். வாடிக்கையாளர்களுக்கான எங்கள் ஸ்லைடில், குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியதற்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று இருக்கிறது. அதுவும் மாறிவிட்டதா?

ஓய்வுபெற்ற மேலாளர்:
தம்பி, 45 நாள் 2006 சட்டத்திலேயே இருக்கிறது, மாறவில்லை. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதற்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கும் ஆண்டில்தான் வரிக்கழிவாகக் காட்டலாம் என்ற வருமான வரிச் சட்டப் பிரிவு 43B(h) பின்னால் சேர்ந்தது. உங்கள் ஸ்லைடு பொய்யில்லை, பாதியில் நிற்கிறது. இதற்குத் தனிக் குறி வையுங்கள்.

அப்புறம் எல்லோரும் அடிக்குறிப்பில் உள்ள தேதியைப் பாருங்கள். Insert, Header & Footer-இல் Update automatically தேர்வாகி இருந்தால், 2019 கோப்பும் இன்றைய தேதியைக் காட்டும். புதியது என்று நினைத்துக்கொள்வார்கள்.

வங்கிப் பயிற்சியாளர், கோவை:
நன்றி சார், எங்கள் கோப்பிலும் அது இருந்தது. எனக்குத் தீராதது ஒன்றுதான். 2018 எடுத்துக்காட்டாக ஒரு பட்டறை: இயந்திரங்கள் வாங்கிய விலை 3 கோடி, 'சிறு நிறுவனம்'. இன்றைய வரம்பில் அது எது?

ஓய்வுபெற்ற மேலாளர்:
சொல்ல முடியாது. அன்று வாங்கிய விலை, இன்று வரிக்கணக்கில் காட்டும் தேய்மானம் போன மதிப்பு. அது 2.5 கோடிக்குக் கீழே இறங்கியிருக்கலாம். விற்றுமுதலும் தெரியவில்லை. '2018 வரம்பின்படி' என்று போட்டு விட்டுவிடுங்கள்.

அலுவலகப் பணியாளர்:
அப்படி விட்டால் படிப்பவர்கள் குழம்புவார்களே. அந்த ஸ்லைடையே எடுத்துவிடுவதுதான் நல்லது.

வங்கிப் பயிற்சியாளர், கோவை:
எடுத்தால் சுருக்கத்தின் மூன்றாவது வரிக்கு ஆதாரம் இல்லாமல் போகும். அந்தப் பட்டறையின் கோப்பு கிளையில் கிடைக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அதுவரை அந்த வரி சிவப்புக் குறியோடு நிற்கிறது.