புதுப்பிப்பு: தட்டுவடைக்கு மிளகா, பூண்டா?

“இன்ஸ்டா ஸ்டோரில வச்ச போல்ல மிளகுதான் ஜெயிச்சுது. அப்படியே முன்பதிவைத் திறந்துரலாமா?”

இன்னும் வேண்டாம். மிளகு 78, பூண்டு 42. ஸ்டோரியை மேலே தள்ளினால் யார் எதற்குப் போட்டார்கள் என்று பெயரோடு தெரியும். அந்த 78-இல் பாதிப் பேர் வெளியூர், சிலர் நம்மைப் போலப் பலகாரம் விற்பவர்கள். விலை சொல்லாத போலில் ஓட்டு இப்படித்தான் விழும்.

அதனால் மறுநாள் கேள்வி ஸ்டிக்கர்: “ஏற்காட்டு மிளகுத் தட்டுவடை, 200 கிராம் 90 ரூபாய். எத்தனை பாக்கெட், எந்த ஏரியா?” 19 பேர் பதில், மொத்தம் 31 பாக்கெட். மாவு பிசைய வேண்டியது இந்த ஆறு கிலோ சொச்சத்துக்குத்தான். நல்ல பதில்களை ஸ்டோரியில் பகிருங்கள், எழுதியவர் பெயர் அதில் வராது.

செவ்வாய்ப்பேட்டை அண்ணன் ரெண்டு ருசியையும் போடச் சொல்கிறார். பாதி சரி. பச்சைப் பூண்டின் ஈரம் வற்றாவிட்டால் பாக்கெட்டில் சீக்கிரம் நமுத்துவிடும். சட்னி, காய் வைத்து அன்றே தீரும் தட்டுவடை செட்டுக்குப் பரவாயில்லை, பார்சலுக்கு ஆகாது. அனுப்ப முடியாததைப் போலில் வைக்கவே கூடாது. மிளகையும் ஒன்றிரண்டாக இடித்துப் போடுங்கள், முழுசாகக் கிடந்தால் எண்ணெயில் வெடிக்கும்.

அஸ்தம்பட்டி அக்கா தன் முறுக்குக்கு 200 ஓட்டு வந்தும் ஆர்டர் ஆறுதான் என்கிறார். ஆர்டர் லிங்க்கை எத்தனை நாள் கழித்துப் போட்டீங்க அக்கா?

ஸ்டோரி மறையும் 24 மணி நேரத்துக்குள் ஓட்டுப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ஓட்டுப் போட்டவர்களுக்குத் தனித்தனியாக மெசேஜ் போடுவது தொந்தரவா என்பதில்தான் நமக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.