டிரையல் துணிகளை எப்போது வெட்டுவது?

கீழக்கரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மிஷின், ஓர் ஓவர்லாக், உதவிக்கு ஒரு தங்கை. நோன்புப் பெருநாளுக்கு 12 நாள்தான் இருக்கிறது, கையில் 46 உருப்படிகள். அவற்றில் 14 லைனிங் பிளவுஸ்களுக்கு டிரையல் பார்த்தே ஆக வேண்டும்.

பில்களை டெலிவரி தேதிப்படி கம்பியில் கோத்து, அதே வரிசையில் வெட்டினேன். சுடிதார்கள் நேராக முடிந்துவிடுகின்றன. பிளவுஸ்களோ டிரையலுக்கு ஆள் வராமல், பக்கத்தில் ஓட்டுத் தையலோடு தொங்குகின்றன. நேற்று ஒருவருக்கு, டெலிவரிக்கு முதல் நாள், ஆம்ஹோல் அரை அங்குலம் பிடித்தது. கையைப் பிரித்துத் தைத்ததில் வேறு இரண்டு டெலிவரி தள்ளிப்போனது. ஒரே நிற நூலாகச் சேர்த்துத் தைத்தும் பார்த்தேன். நேரம் மிஞ்சியது, தேதி குழம்பியது.

டிரையல் உள்ள துணிகளை டெலிவரிக்கு எத்தனை நாள் முன்பு வெட்டுகிறீர்கள்?