ஓலைச்சுவடியை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாமா? விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரியில் உள்ள எங்கள் பழைய வீட்டில் கிடைத்த மருத்துவ ஓலைச்சுவடி ஒன்றை, கனடாவில் வாழும் என் அக்கா தம்முடன் எடுத்துச் செல்ல விரும்புகிறார்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, பொதுவாக 100 ஆண்டுப் பழமையுள்ளதே தொல்பொருள் என்றாலும், அறிவியல், வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டுகளே போதும். அந்த வயதைக் கடந்துவிட்டால், பாட்டன் சொத்தாகவே இருந்தாலும் அதைத் தனியார் எவரும் ஏற்றுமதி செய்ய முடியாது. மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போதான் செய்யலாம். விற்காமல் அன்பளிப்பாகக் கொண்டுபோகிறோம் என்ற விளக்கமும் சுங்கத்தில் எடுபடாது.

எங்கள் சிக்கல் வயதில்தான் இருக்கிறது. கடைசி ஏட்டில் 'ஜய வருடம் ஆடி மாதம்' என்று மட்டும் எழுதியிருப்பதால், அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1954 ஆகவும் இருக்கலாம், 1894 ஆகவும் இருக்கலாம். முன்னதென்றால் இன்னும் 75 நிறையவில்லை; பின்னதென்றால் பேச்சுக்கே இடமில்லை. மெய்யெழுத்துகளில் புள்ளி இல்லாததால் பழையது என்று தோன்றுகிறது, ஆனால் பிற்காலத்தில் படியெடுத்தவர்களும் மூலத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கக்கூடும் (ஆண்டுக் குறிப்பையும்கூட!).

தொல்பொருளா இல்லையா என்பதில் இந்தியத் தொல்லியல் துறையின் முடிவே இறுதியானது என்பதால், தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழுக்கு அங்கே விண்ணப்பிக்க எண்ணுகிறோம். நீலகிரியிலிருந்து சுவடிக்கு விண்ணப்பித்தவர்கள், எந்த அலுவலகத்தை அணுகினீர்கள், ஒளிப்படங்கள் போதுமானவையாக இருந்தனவா, வயதுக்கு எதை ஆதாரமாக ஏற்றார்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.