வெள்ளைப் பலகை எழுத்து தெரியவில்லை. ஷார்ப்னெஸ் கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுகிறது

மாறன்_இயற்பியல்
50 நிமிட வகுப்புப் பதிவு. வகுப்பறையின் பின்பக்கம் ட்ரைபாடில் நிறுத்திய மொபைல், 1920×1080, 30 ஃப்ரேம். பலகை ஃப்ரேமில் பாதிகூட இல்லை. கருப்பு மார்க்கரில் சூத்திரங்கள், கீழ்க்குறிகள் மட்டும் பச்சையில். பலகை வெள்ளையாக இல்லாமல் சாம்பலாக வந்திருக்கிறது. இடது பக்கம் இன்னும் இருட்டு.

எடிட்டரில் ஷார்ப்னெஸை முழுசாக ஏற்றினேன். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, பலகை முழுக்க புள்ளி புள்ளியாக இரைச்சல். கான்ட்ராஸ்டைக் கூட்டினால் வலது பக்கம் தெளிகிறது, இடது பக்கம் கருத்துப்போகிறது. மறுபடி பதிவு செய்ய வழியில்லை. ffmpeg ஓரளவு தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

செந்தில்_கட்
ஷார்ப்னெஸே வேண்டாம். கருப்பு வெள்ளையாக்கி, ஒரு அளவுக்கு மேல் இருப்பது எல்லாம் வெள்ளை, கீழே இருப்பது எல்லாம் கருப்பு என்று வெட்டிவிடுங்கள். ஆவணம் ஸ்கேன் பண்ணும் செயலிகள் செய்வது அதுதான். சுத்தமாக வரும்.

பிரியா.ம
எந்த ஒயிட்போர்டு செயலி இது? மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது தெளிவுக்கு முன்னுரிமை தரும் ஆப்ஷன் ஒன்று இருக்கும், அதைப் போட்டுப் பாருங்களேன்.

மாறன்_இயற்பியல்
செயலி இல்லைங்க, சுவரில் மாட்டிய நிஜப் பலகை. மார்க்கரால் எழுதியது.

கயல்விழி_வீடியோ
மாறன், முதலில் ஒன்று: இது மொபைலில் இருந்து நேரடியாக எடுத்த கோப்பா, இல்லை செய்திச் செயலி வழியாக வந்த பிரதியா? பிரதி என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு மூலக் கோப்பைத் தேடுங்கள். அழுத்திச் சுருக்கும்போது மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். போனதை எந்த ஃபில்டரும் திருப்பித் தராது.

மூலக் கோப்புதான் என்றால், எதையும் திருத்துவதற்கு முன் அளந்து பாருங்கள். ஆசிரியர் பலகையை மறைக்காத ஒரு நொடியில் ஒரு ஃப்ரேமை எடுங்கள்:

```
ffmpeg -ss 00:14:20 -i class.mp4 -frames:v 1 test.png
```

அதை 400% பெரிதாக்கி மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டின் தடிமன் எத்தனை பிக்சல், சின்ன எழுத்தின் உயரம் எத்தனை பிக்சல், பலகைக்கும் கோட்டுக்கும் 0–255 அளவில் என்ன மதிப்பு. ஒரு கோட்டுக்கு ஒரு பிக்சல், அடுத்த கோட்டுக்கு முன் இடைவெளிக்கு ஒரு பிக்சலாவது கிடைத்தால்தான் எழுத்து என்று ஒன்று இருக்கும். ண, ன போன்றவற்றில் ஒரு எழுத்துக்குள்ளேயே அடுத்தடுத்து கோடுகள் வருவதால் ஆங்கில எழுத்தைவிடக் கூடுதல் பிக்சல் கேட்கும். சுழிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அவை ஒட்டியதுதான்.

மாறன்_இயற்பியல்
மூலக் கோப்புதான். கோடு 3 முதல் 4 பிக்சல். பெரிய எழுத்துகள் 26 பிக்சல் உயரம், கீழ்க்குறிகள் 9. வலது பக்கம் பலகை 168, இடது பக்கம் 118. கருப்புக் கோடு வலதில் 120, இடதில் 84 வாக்கில்.

கயல்விழி_வீடியோ
அந்த எண்களிலேயே பதில் இருக்கிறது. இடது பக்கப் பலகை 118, வலது பக்க எழுத்து 120. அதாவது ஒரு பக்கத்துப் பலகையும் மறுபக்கத்து எழுத்தும் ஏறக்குறைய ஒரே கருமை. முழுப் படத்துக்கும் ஒரே கான்ட்ராஸ்ட் வைத்தால் ஒரு பக்கம் சாகத்தான் செய்யும். செந்தில் சொன்ன வெட்டும் இதே காரணத்தால் தோற்கும்.

ஆனால் வகுத்துப் பாருங்கள்: 120/168, 84/118. இரண்டுமே சுமார் 0.71. கோடு தன் அருகில் உள்ள பலகையைவிட எவ்வளவு கருப்பு என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு பிக்சலையும் அந்த இடத்துப் பலகையின் வெளிச்சத்தால் வகுக்க வேண்டும். அந்த வெளிச்சத்தைப் படத்திலிருந்தே எடுக்கலாம்: வெளிர் பகுதிகளை நாலைந்து பிக்சல் விரியச் செய்தால் மெல்லிய கோடுகள் விழுங்கப்படும், பிறகு நன்றாக மங்கலாக்கினால் வெறும் பலகை மிஞ்சும்.

30 நொடி மட்டும் ஓட்டிப் பாருங்கள்:

```
ffmpeg -ss 00:14:20 -t 30 -i class.mp4 -filter_complex "[0:v]crop=1240:520:340:130,hqdn3d=1:1:6:6,split[a][b];[b]dilation,dilation,dilation,dilation,gblur=sigma=25[bg];[a][bg]blend=c0_mode=divide,lutyuv=y='clip((val-150)*2.43+16,16,235)',scale=1860:780:flags=lanczos,unsharp=5:5:0.5:5:5:0" -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -c:a copy out.mp4
```

crop எண்கள் அகலம், உயரம், இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம். உங்கள் பலகைக்கு ஏற்ப மாற்றுங்கள், நான்கும் இரட்டைப்படையாக இருக்கட்டும். பலகைச் சட்டத்துக்கு உள்ளே நின்று வெட்டுங்கள்; சட்டமும் சுவரும் உள்ளே வந்தால் ஓரத்தில் வெளிச்சக் கணக்கு குழம்பும்.

வகுத்த பிறகு பலகை 255-க்கு அருகே போகும், எழுத்து 180 வாக்கில் நிற்கும். lutyuv வரி 240-க்கு மேல் உள்ளதை எல்லாம் முழு வெள்ளையாகவும் 150-க்குக் கீழ் உள்ளதை முழுக் கருப்பாகவும் நீட்டுகிறது. பலகை இரைச்சலில் பெரும்பகுதி அந்த 240-க்கு மேல் தொலைந்துவிடும். மெல்லிய எழுத்தும் சேர்ந்து காணாமல் போனால் 150-ஐ 165 ஆக்கி, 2.43-ஐ 2.9 ஆக்குங்கள், வெள்ளை எல்லை ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும், கோடு மட்டும் கருக்கும்.

செந்தில்_கட்
நான் சொன்னதும் பின்னணியை வெள்ளையாக்கத்தானே? இவ்வளவு சுற்றுவழி எதற்கு? வகுத்த பிறகாவது வெட்டிவிடலாமே.

கயல்விழி_வீடியோ
நோக்கம் சரிதான் செந்தில். ஒற்றைப் படத்துக்கு வகுத்த பிறகு வெட்டினால் நன்றாகவே இருக்கும். வீடியோவில் சிக்கல் என்னவென்றால், எழுத்தின் ஓரத்தில் உள்ள பிக்சல்கள் அந்த எல்லைக்கு மேலும் கீழுமாக ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தாவும். எழுத்து முழுக்க எறும்பு ஊர்வது போலத் துடிக்கும். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு சரிவு இருந்தால் அந்தத் துடிப்பு கண்ணில் படாது.

மாறன்_இயற்பியல்
ஓட்டிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை, கருப்பு எழுத்து எல்லாம் படிக்க முடிகிறது! வெள்ளைக் கோடும் இல்லை. ஷார்ப்னெஸ் இதிலும் இருக்கிறதே, ஏன் வரவில்லை? 0.5-ஐ 1.5 ஆக்கலாமா?

கயல்விழி_வீடியோ
ஷார்ப்பன் செய்வது என்றால் கோட்டின் ஓரத்தில் கருப்பை இன்னும் கருப்பாக்கி, பக்கத்துப் பலகையை இன்னும் வெளுப்பாக்குவது. உங்கள் பலகை 168-இல் நின்றபோது அதற்கு மேலே வெளுக்க நிறைய இடம் இருந்தது. அந்த வெளுப்புதான் நீங்கள் பார்த்த கோடு. இப்போது பலகை ஏற்கெனவே வெள்ளையின் உச்சியில் இருப்பதால் மேலே போக இடமில்லை. அதனால்தான் கான்ட்ராஸ்ட் முதலில், ஷார்ப்னெஸ் கடைசியில். பெரிதாக்குவதற்கு முன்பும் வேண்டாம். ஓரத்துப் பிசிறும் சேர்ந்து ஒன்றரை மடங்கு அகலமாகும்.

1.5 வேண்டாம். கோடுகள் தடித்து, 6, 8, e போன்றவற்றின் உள்வட்டம் அடைபடத் தொடங்கும் இடம்தான் வரம்பு. 0.3-இலிருந்து 0.2 வீதம் ஏற்றி, அந்த உள்வட்டங்களை மட்டும் பாருங்கள். கோட்டைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல ஏதாவது தெரிந்தால் அது மொபைல் சுருக்கியபோதே விழுந்த பிசிறு. ஷார்ப்னெஸ் அதையும் சேர்த்துத்தான் ஊதும். கடைசி 0 நிறத்துக்கானது, அதைத் தொடவே வேண்டாம்.

இன்னாசி
எங்களுடையது பச்சைப் பலகை, சாக்பீஸ். இதே கட்டளையைப் போட்டேன், எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது.

கயல்விழி_வீடியோ
உங்களுக்கு எழுத்துதான் வெளிர். விரியச் செய்யும்போது எழுத்தே பின்னணியாகிவிடுகிறது. crop-க்கு அடுத்து `negate`, கடைசியில் இன்னொரு `negate` சேருங்கள். சாக்பீஸ் அழித்த தடம் வெள்ளைப் புகையாக இருக்கும் பலகை என்றால் lutyuv எண்களை நீங்களே தேடித்தான் பிடிக்க வேண்டும், என் எண்கள் பொருந்தாது.

மாறன்_இயற்பியல்
இரண்டு குறைகள் மிச்சம். ஆசிரியர் உருவம் பென்சில் ஓவியம் மாதிரி வெளிறி இருக்கிறது. பச்சைக் கீழ்க்குறிகள் இன்னும் மங்கல்.

கயல்விழி_வீடியோ
ஆசிரியர் வெளிறுவது இந்த முறையின் விலை. அவருடைய சட்டையையும் கணக்கு பலகை என்றே நினைக்கிறது. sigma-வை 60 ஆக்கினால் உருவம் கொஞ்சம் திரும்பும், ஆனால் அவரை ஒட்டியுள்ள எழுத்து வெளிறும் பரப்பு அகலமாகும். பாடத்துக்கு எழுத்துதான் முக்கியம் என்றால் 25-லேயே விடுங்கள்.

பச்சைக்குக் காரணம் வேறு. படத்தின் வெளிச்ச மதிப்பில் ஏறக்குறைய 72% பச்சையிலிருந்து வருகிறது. பச்சை மை அதைத் திருப்பி அனுப்பிவிடுவதால் வெளிச்சத்தில் பலகையோடு கரைகிறது. அது விழுங்குவது சிவப்பை. எனவே சிவப்புச் சேனலில் மட்டும் பார்த்தால் கருத்துத் தெரியும். crop-க்கு அடுத்து இதைச் சேருங்கள்:

```
format=gbrp,colorchannelmixer=rr=1:gr=1:gg=0:br=1:bb=0,format=yuv420p
```

படம் சாம்பலாகும். கருப்பும் நீலமும் அப்படியே இருக்கும், சிவப்பு மார்க்கரில் எழுதியது இருந்தால் அது கிட்டத்தட்ட மறையும். வகுப்பில் எங்காவது சிவப்பு உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மொபைல் வீடியோவில் நிறம் அகலத்திலும் உயரத்திலும் பாதி அளவில்தான் சேமிக்கப்படுகிறது. ஆகவே பச்சை கருக்கும், ஆனால் கருப்பு எழுத்தின் கூர்மை வராது.

செந்தில்_கட்
ஆசிரியர் நகர்ந்துகொண்டே இருந்தால், அவர் இல்லாத பலகையை மட்டும் ஒரு படமாக எடுத்துப் பக்கத்தில் வைக்கலாமே? அதற்கு வழி உண்டா?

கயல்விழி_வீடியோ
உண்டு, நல்ல யோசனை. நொடிக்கு ஒரு ஃப்ரேம் எடுத்து, 31 ஃப்ரேம்களின் நடு மதிப்பை ஒவ்வொரு பிக்சலுக்கும் எடுக்க வேண்டும்:

```
ffmpeg -ss 00:14:20 -i class.mp4 -vf "crop=1240:520:340:130,fps=1,tmedian=radius=15" -frames:v 1 board.png
```

அந்த அரை நிமிடத்தில் ஓர் இடத்தைப் பாதி நேரத்துக்கும் குறைவாக மறைத்திருந்தால் ஆசிரியர் காணாமல் போவார். இரைச்சலும் நன்றாகக் குறையும். எழுதி முடித்து விளக்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். அந்த இடைவெளியில் எழுதியதோ அழித்ததோ பாதியாக வரும். ட்ரைபாட் இல்லாத பதிவுக்கு இது உதவாது.

மாறன்_இயற்பியல்
சிவப்பு எங்கும் இல்லை, அதனால் சிவப்புச் சேனலையே முழு வகுப்புக்கும் போட்டுவிட்டேன். tmedian படத்துக்கும் அதே வகுத்தல் வரியைக் கொடுத்தேன். வீடியோவைவிட அதில்தான் கீழ்க்குறிகள் தெளிவு. 1, 2, 0 எல்லாம் தெரிகிறது. i-யா j-யா என்பது மட்டும் மூன்று இடங்களில் பிடிபடவில்லை.

கயல்விழி_வீடியோ
9 பிக்சலில் அந்த வால் ஒன்றரை பிக்சல்கூட வராது. அந்த மூன்று இடங்களில் அவர் எழுதும்போது வாயால் சொல்லியிருப்பார், ஒலியில் கேட்டுப் பாருங்கள்.

இன்னாசி
negate வேலை செய்தது, நன்றி. ஆனால் ஈரத் துணியால் துடைத்த பகுதி மட்டும் காயும்வரை திட்டுத் திட்டாக வருகிறது. அதற்கு யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?