ரிலீஸ் தேதியைக் கேட்காமல் விட்ட கதை (உள்ளேயே டீம் மாறியவர்கள், மாற முயன்றவர்கள் எழுதுங்கள்)

மூன்றாம்மாடி

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்த ஒரு ஆன்லைன் கால் மனசை விட்டுப் போகவில்லை.

நான் சப்போர்ட் டீம், வாடிக்கையாளர் புகார் டிக்கெட்டுகளைத் தீர்ப்பது வேலை. போக ஆசைப்பட்டது டேட்டா டீமுக்கு. வாரத்தில் ஒரு நாள் அங்கே வேலை செய்து பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் நானே கேட்டேன், சரி என்றார். ஒரு நாள் போனால் டிக்கெட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும் இல்லையா? ஒன்றுகூடக் குறையவில்லை. வெள்ளிக்கிழமை டேட்டா வேலை, சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமை டிக்கெட்.

ஆனால் அங்கே ஒன்றைக் கண்டுபிடித்தேன். வாடிக்கையாளர் 3 நாள் பதில் போடாவிட்டால் டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும், 'தீர்ந்தது' கணக்கில் சேர்ந்துவிடும். அவர் அடுத்த வாரம் அதே பிரச்சினையோடு வந்தால் புது எண். அதனால் 'மீண்டும் திறந்தவை' என்ற எண்ணிக்கை எப்போதும் அழகாகவே இருந்தது. டேட்டா டீமில் யாருக்கும் இது தெரியாது, டிக்கெட்டை மூடிப் பழகியவனுக்குத்தானே தெரியும். இதை வைத்தே உள் வேலைவாய்ப்பில் ஒரு இடம் வந்ததும் இன்டர்வியூவில் தேறினேன்.

அப்புறம் மூன்று பேர் கால். புது மேனேஜர் கேட்டார்: "இவரை எப்போது விடுவீர்கள்?" என் மேனேஜர் மைக்கை மியூட் செய்தார். அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு மைக் அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "நான் தடுக்கவே மாட்டேன். இப்போதைய வேலை முடியட்டும், பார்த்துச் சொல்கிறேன்" என்றார். எந்தத் தேதி என்று நான் கேட்டிருக்க வேண்டும். "நன்றி சார்" என்றேன்.

ஏழு வாரம் கழித்துக் காலாண்டு முடிந்தது. நிரம்பாத இடங்கள் எல்லாம் ரத்து. என்னுடையதும் போயிற்று.

பழையமேசை

அந்த மியூட் பட்டனை நானும் அழுத்தியிருக்கிறேன், எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து. அவர் உங்களைக் கெடுக்க நினைத்திருக்க வேண்டும் என்றில்லை. எட்டுப் பேர் டீம் ஏழாகும், டார்கெட் அப்படியே இருக்கும், பதில் ஆள் கிடைக்குமா என்பது அவர் கையில் இல்லை. அதனால் வாய் 'சரி' என்கிறது, தேதி மட்டும் வருவதில்லை.

என் டீமில் ஒரு பெண் இப்படித்தான் கேட்டார். "இன்னும் ஒரு காலாண்டு பொறு அம்மா" என்றேன். அடுத்ததிலும் அதையே சொன்னேன். ஒரு திங்கட்கிழமை ராஜினாமா மெயில் வந்தது. எங்கள் நோட்டீஸ் காலம் 60 நாள். உள்ளே மாற்றிவிட ஆறு மாதம் கேட்ட நான், அறுபதே நாளில் விட்டேன். கைமாற்றும் முடிந்தது, டீமும் மூழ்கவில்லை. அதன்பின் 'முடியாது' என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் தேதி கேட்காதது பாதித் தவறுதான். நிரம்பாத இடம் என்பது பட்ஜெட்டில் ஒரு வரி. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் அடிபடுவது அந்த வரி, ஏனென்றால் அதை வெட்டினால் யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. காலாண்டு முடிவதற்குள் சிஸ்டத்தில் உங்கள் பெயர் ஏறும்படி புது மேனேஜர்தான் ஓடியிருக்க வேண்டும். பழையவரைக் குறை சொல்கிறீர்கள், புதியவரை ஒன்றும் கேட்கவில்லையே?

ஜன்னலோரம்

இதனால்தான் சொல்கிறேன், மேனேஜரிடம் முன்னாடியே வாயே திறக்கக் கூடாது. விண்ணப்பம் போடு, தேறு, கையில் முடிவை வைத்துக்கொண்டு பேசு. நான் அப்படித்தான் டெஸ்டிங்கிலிருந்து பிராடக்ட் பக்கம் வந்தேன். என் மேனேஜருக்கு விஷயம் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. "எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்று ஒரே ஒரு வரி சாட்டில் வந்தது. நான் ஒரு கட்டைவிரல் போட்டேன். இன்றைக்கும் லிஃப்டில் பார்த்தால் அவர் போனை எடுத்துக்கொள்வார்.

பழையமேசை

உங்கள் கம்பெனியில் நடந்தது. எங்களுடையதில் விண்ணப்பிக்கும் பட்டனை அழுத்திய நிமிஷமே மேனேஜருக்குத் தானியங்கி மெயில் போய்விடும். பல இடங்களில் அப்படித்தான். ரகசியமாகச் செய்கிறவர்கள் விதியை முதலில் படித்துவிட்டுச் செய்யட்டும். இப்போதைய பணியில் 12 அல்லது 18 மாதம் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கும்.

வெள்ளைப்புறா

எனக்கும் டிரான்ஸ்பர் வேண்டும். அப்பா அம்மா பக்கத்தில் இருக்கும் கிளைக்கு. வேலை இதேதான். மனிதவளத் துறைக்கு மூன்று மெயில் போட்டுவிட்டேன், பதிலே இல்லை. யாராவது வழி சொல்லுங்களேன்.

மூன்றாம்மாடி

அது ஊர் மாற்றம், இங்கே பேசுவது வேலை மாற்றம். தனியாக ஒரு திரி தொடங்குங்கள், தேடுகிறவர்களுக்கும் வசதி.

கணக்குத்தப்பு

என் கதை சின்னது. நிதியாண்டின் பத்தாவது மாதத்தில் டீம் மாறினேன். புது மேனேஜருக்கு என்னை இரண்டு மாதம்தான் தெரியும். ரேட்டிங் பேச்சில், "உங்களைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை" என்று கைகளை விரித்துக் காட்டினார். நடு ரேட்டிங் போட்டார். பத்து மாத உழைப்பு யார் கணக்கிலும் இல்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள் வேறு டீமுக்கு வேலை செய்யப் போனால், முதல் வாரமே ஒரு மெயில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு மூன்றாவது வாரம் நினைவில் இருக்காது. நான் இப்போது அனுப்புவது ஏறக்குறைய இப்படி:

"நேற்று பேசியபடி, அடுத்த 12 வாரம் வெள்ளிக்கிழமைகளில் நான் டேட்டா டீமின் அறிக்கை வேலையைச் செய்கிறேன். அன்றைக்கான டிக்கெட்டுகள் எனக்கு ஒதுக்கப்படாது. முடிவில் தர வேண்டியது இந்த ஒரு அறிக்கை. அதை மதிப்பிடுபவர் டேட்டா டீம் லீட், அவருடைய குறிப்பு என் வருட மதிப்பீட்டில் சேரும். ஏதாவது தவறாக இருந்தால் திருத்துங்கள்."

இதில் உயிர் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. எந்த வேலை என் தலையில் இருந்து இறங்குகிறது என்று எழுதாவிட்டால் அது இறங்காது. முடியும் தேதியும் வேண்டும். இல்லாவிட்டால் அந்த டீமுக்கு இலவசமாக ஒரு கை கிடைத்தாயிற்று, இடம் திறக்க அவர்களுக்கு என்ன அவசரம்? டீம் மாறும்போது பழைய மேனேஜரிடம் அதுவரைக்குமான மதிப்பீட்டைச் சிஸ்டத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். போன பிறகு கேட்டால் 'நன்றாகச் செய்தார்' என்று இரண்டு வார்த்தைகூட வராது.

ஜன்னலோரம்

இவ்வளவு எழுத்து மூலம் கேட்டால் எந்த மேனேஜரும் 'இப்போது வேண்டாம்' என்றுதான் சொல்வார்.

கணக்குத்தப்பு

சொல்லட்டுமே. 12 வாரச் சனிக்கிழமை மிச்சம்.

பழையமேசை

இதில் ஜன்னலோரம் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அப்படியொரு மெயில் எனக்கு வந்தால் முதலில் எரிச்சல்தான் வரும். ஆனால் பதில் போட்டாக வேண்டியிருக்கும்.

மூன்றாம்மாடி

புது மேனேஜரைக் கேட்கவில்லையே என்றீர்கள். கேட்க அவர் இல்லை, அவரே அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் அங்கே நான் செய்த அறிக்கையை மட்டும் இன்றைக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அனுப்புகிறார்கள். என் பெயர் நகல் வரிசையில்கூட இல்லை.

போன வாரம் அதே டீமில் மறுபடி ஓர் இடம் திறந்திருக்கிறது. மேனேஜரிடம் நேற்று பேசினேன். "தடுக்க மாட்டேன்" என்றார், அதே குரலில். இந்த முறை, "பதில் ஆளைப் பழக்க எனக்கு நான்கு வாரம் போதும். அடுத்த மாதம் 15 என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். மீட்டிங் நேரில்தான், மியூட் பட்டன் கிடையாது. ஜன்னலைப் பார்த்தார். "மெயில் போடு" என்றார்.

போட்டுவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.