பீட்டாவுக்கு எந்தச் சொல்? வேண்டுவீதத்தின் உறுப்புகள் குறித்து

கீழக்கரை, வணிகவியல் ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நிதி மேலாண்மைப் பாடத்திற்குத் தமிழில் குறிப்பேடு எழுதிவருகிறேன். ‘மூலதனச் சொத்து விலையிடல் மாதிரி’ என்னும் பெயர் வகுப்பறையில் நிலைத்துவிட்டது. அதை மாற்ற நான் முயலவில்லை. ஆனால் அந்த மாதிரி தரும் விடைக்கும் அதன் உறுப்புகளுக்கும் மாணவர் நாவில் நிற்கும் பெயர்கள் இல்லை. ஒரு பங்கில் பணம் போடுபவர் அதன் இடரைக் கருதி இவ்வளவாவது கிடைக்க வேண்டும் என்று கேட்கும் விகிதத்தை ‘வேண்டுவீதம்’ என்று சொல்லலாம் என எண்ணுகிறேன். அப்படியானால் சூத்திரம் இவ்வாறு அமையும்:

வேண்டுவீதம் = இடரற்ற வீதம் + பீட்டா × சந்தை முனைமம்

பங்கு முனைமம் என்று கணக்குப்பதிவியலில் ஏற்கெனவே வழங்குவதால் முனைமத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். பீட்டாவுக்கு ‘இடர்க்கெழு’ என்பது என் முன்மொழிவு. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மண்டபம், இறால் ஏற்றுமதி நிறுவனக் கணக்கர்:

இடர்க்கெழு மிகப் பொருத்தமான சொல், அம்மா. பங்கு எவ்வளவு துள்ளுகிறது என்பதைத்தானே பீட்டா சொல்கிறது? எங்கள் குளிர்பதனக் கிடங்கை விரிவாக்கும் திட்டத்திற்காக, இதே தொழிலில் உள்ள, சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் பங்கை எடுத்துக் கணக்கிட்டேன். அதன் ஆண்டுத் திட்டவிலக்கம் 45 விழுக்காடு, சந்தைக் குறியீட்டுக்கு 18 விழுக்காடு. ஆகவே இடர்க்கெழு 2.5. இடரற்ற வீதத்தை 7 எனவும், சந்தை ஈட்டுவீதத்தை 12 எனவும் வைத்துக்கொண்டேன். 12 உடன் 2.5ஐப் பெருக்கி 7ஐக் கூட்டினால் வேண்டுவீதம் 37 விழுக்காடு வருகிறது. இவ்வளவு ஈட்டும் கிடங்கு இந்தக் கடற்கரையில் எங்கும் இருக்க முடியாதே என்பதுதான் என் குழப்பம்.

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

தம்பியின் கணக்கில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும். இரண்டுமே பெயர்களோடு தொடர்புடையவை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலாவது எளிது. பீட்டாவால் பெருக்க வேண்டியது சந்தையின் முழு ஈட்டுவீதமாகிய 12ஐ அன்று; இடரற்ற வீதத்தைக் கழித்த பின் மிஞ்சும் 5ஐத்தான். அரசுக் கடன்பத்திரம் தரும் 7ஐ விட்டுவிட்டுப் பங்குச் சந்தைக்கு வருபவருக்கு அந்த 5தான் கூடுதல் ஈடு. முனைமம் என்னும் சொல்லில் இந்தக் கழித்தல் தெரியவில்லை. ‘சந்தை மிகையீட்டம்’ என்றால், எதற்கு மேல் மிகை என்ற கேள்வி தானாக எழும்.

இரண்டாவதுதான் முக்கியமானது. பீட்டா மொத்தத் துள்ளலை அளப்பதில்லை; சந்தை நகரும்போது பங்கு அதனோடு சேர்ந்து எவ்வளவு நகர்கிறது என்பதையே அளக்கிறது. இரு திட்டவிலக்கங்களின் விகிதமாகிய 2.5ஐ, அந்தப் பங்குக்கும் சந்தைக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழுவால் பெருக்க வேண்டும். அந்த ஒட்டுறவு 0.3 என்று கொண்டால் பீட்டா 0.75, வேண்டுவீதம் 7 + 0.75 × 5, அதாவது 10.75 விழுக்காடு. மிகவும் துள்ளும் பங்குக்குச் சராசரிப் பங்கைவிடக் குறைந்த வேண்டுவீதமா என்று வியப்பாக இருக்கும். பண்ணையில் வெள்ளைப்புள்ளி நோய் வருவதும், எதிருயிரி எச்சம் இருப்பதாகச் சொல்லி வெளிநாட்டுத் துறைமுகம் ஒரு கொள்கலனைத் திருப்பி அனுப்புவதும் அந்த நிறுவனத்தைக் கடுமையாகத் தாக்கும்; ஆனால் அதே வாரத்தில் வங்கிப் பங்குகளும் சிமென்ட் பங்குகளும் அதனால் விழப்போவதில்லை. பல தொழில்களின் பங்குகளைப் பரவலாக வைத்திருப்பவருக்கு இத்தகைய அடிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். அவர் குறைந்த வீதத்திற்கே அந்தப் பங்கை வாங்க ஆயத்தமாக இருப்பதால், மற்றவர்கள் அந்த இடருக்காகக் கூடுதல் வீதம் கேட்டாலும் சந்தை கொடுக்காது. 1964இல் வில்லியம் ஷார்ப் வெளியிட்ட கட்டுரையின் மையம் இதுவே. ஆகவே ‘இடர்க்கெழு’ என்று எழுதினால் தம்பி செய்த பிழையை நாமே மாணவருக்குக் கற்பித்தவர்களாவோம். ‘சந்தைச் சார்புக்கெழு’ என்பது என் பரிந்துரை.

மண்டபம், விசைப்படகு உரிமையாளர்:

ஐயா, இந்தக் குழுவில் நான் வாசகன் மட்டுமே. ஆனால் இது எனக்கும் வேண்டிய செய்தி. என் மைத்துனர் என் படகில் பங்கு சேர விரும்புகிறார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் வருமானம் கிடையாது. மற்ற நாளிலும் காற்றும் பாடும் நம் கையில் இல்லை. சென்செக்ஸ் ஏறினாலும் இறங்கினாலும் என் வலையில் விழுவது மாறாது. அப்படியானால் என் படகின் பீட்டா சுழியமா? மைத்துனருக்கு 7 விழுக்காடு கொடுத்தால் போதுமா?

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

போதாது. படகுக்கு நாள்தோறும் சந்தை விலை இல்லாததால் அதன் பீட்டாவை நேரடியாக அளக்கவே முடியாது. ஏற்றுமதி விலை உலகப் பொருளாதாரத்தோடு ஏறியிறங்குவதால் அது முழுச் சுழியமாக இருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். அதைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. இந்தச் சூத்திரம் பணத்தைப் பலவற்றில் பரப்பி வைத்திருப்பவருக்கானது. உங்கள் மைத்துனரின் சேமிப்பு முழுவதும் ஒரே படகில் இறங்குமானால், இயந்திரம் பழுதானாலும் முழு அடியும் அவருக்கே. அவரைப் போன்றவருக்குக் கணக்கர் தம்பி எடுத்த மொத்தத் துள்ளலின் விகிதமே உண்மைக்கு நெருக்கமானது. தனியார் தொழில்களை மதிப்பிடுவோரில் சிலர் அப்படியே செய்கிறார்கள். தம்பி அளந்தது வீணன்று; அதற்குப் பீட்டா என்று பெயரிட்டதுதான் பொருந்தவில்லை.

மண்டபம், கணக்கர்:

எங்கள் நிறுவனமும் ஒரே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அப்படியானால் 7 + 2.5 × 5 என்று 19.5 விழுக்காட்டை எடுப்பதா, 10.75ஐ எடுப்பதா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எடுத்துக்கொண்ட பங்கு சில வாரங்களில் கைமாறுவதே இல்லை.

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

கைமாறாத பங்கா? அப்படியென்றால் 0.75ஐயும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். சந்தை விழுந்த வாரத்தில் வாங்குவோரும் விற்போரும் இல்லாவிட்டால் பழைய விலையே பதிவில் நிற்கும். அந்த வீழ்ச்சி அடுத்த வாரத்தில்தான் தெரியும். சந்தையோடு சேர்ந்து நகர்ந்த பங்கு, சேராமல் நகர்ந்ததுபோல் கணக்கில் தோன்றுவதால் பீட்டா குறைந்துவிடும். விலை மாறாத வாரங்கள் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். பிறகு மாத விலைகளைக் கொண்டு மீண்டும் கணக்கிடுங்கள். பீட்டா 1.1 என உயர்ந்தால் வேண்டுவீதம் 12.5 ஆகும், அந்த உயர்வே வார அளவீடு ஏமாற்றியதற்கு அடையாளம். குடும்பத்தின் சொத்தில் எவ்வளவு பங்கு இந்தத் தொழிலில் முடங்கியிருக்கிறது என்று தெரியாமல் 19.5க்கும் 12.5க்கும் இடையில் எங்கே நிற்பது என நான் சொல்ல முடியாது. சூத்திரமும் அதைச் சொல்லாது.

குறிப்பேட்டில் இதையும் சேர்க்க வேண்டுகிறேன். 1972இல் பிளாக், ஜென்சன், ஷோல்ஸ் மூவரும் நியூயார்க் பங்குகளை ஆராய்ந்தபோது, பீட்டா குறைந்த பங்குகள் சூத்திரம் சொன்னதைவிட அதிகமாகவும், பீட்டா கூடியவை அதைவிடக் குறைவாகவும் ஈட்டியிருந்தன.

கீழக்கரை, ஆசிரியை:

ஐயா, இடர்க்கெழுவைக் கைவிடுகிறேன். ஆயினும் கணிதப் பாடத்தில் சார்பு என்பது வேறொரு பொருளில் வழங்குவதால் சந்தைச் சார்புக்கெழுவையும் ஏற்கத் தயங்குகிறேன். ‘சந்தைக்கெழு’ என்று சுருக்கி, பக்கத்திலேயே பீட்டா என்றும் எழுதலாம் என நினைக்கிறேன். ‘சந்தை மிகையீட்டம்’ மிக நன்று.

மண்டபம், கணக்கர்:

சந்தைக்கெழு என்றால் சந்தைக்கே உரிய கெழு என்று படிக்கத் தோன்றுகிறதே, அம்மா. அது எப்போதும் 1தானே? எனக்குச் சார்பு என்ற சொல் உள்ளே இருப்பதே நல்லதாகப் படுகிறது. மாத விலைகளைத் திரட்டத் தொடங்கிவிட்டேன். இரண்டு அளவீடுகளையும் குழுவுக்கு அனுப்புகிறேன்.